முன்னால் நடக்கும் வால்

மன்னாரில் மீன் வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது மீனின் பெயராக இருக்காது. "விடிய பேசாலையில பிடிச்ச பாரை" என்பார் விற்பவர். எப்போது, எங்கே, என்ன நடந்தது எல்லாம் வரிசையாக வந்து முடிந்த பிறகுதான் பாரை வரும். கேட்கும் நாமும் பொறுமையாகக் காத்திருப்போம். காத்திருக்கிறோம் என்பதுகூட நமக்குத் தெரியாது.

அதே மீனை ஒரு போர்த்துக்கேயர் விற்றிருந்தால் வரிசை தலைகீழாகியிருக்கும். பாரை முதலில் வந்திருக்கும். அதற்குப் பின்னால் 'கெ' என்ற சின்னக் கொக்கி. அந்தக் கொக்கியில் 'விடிய பேசாலையில் பிடித்தோம்' என்ற முழு வாக்கியமும் வால்போலத் தொங்கியிருக்கும். ஆங்கிலத்தின் 'ஹூ', 'விச்', 'தட்' எல்லாம் அதே வகைக் கொக்கிகள்தான். நமக்குக் கொக்கியும் கிடையாது, வால் பின்னால் வருவதும் கிடையாது. நம் வால் முன்னால் நடக்கும். அதன் கடைசி எழுத்து பெரும்பாலும் ஓர் 'அ': பிடித்த, வந்த, இருக்கிற. பள்ளிக்கூடத்தில் இதைப் பெயரெச்சம் என்று படித்தோம். தேர்வு முடிந்ததும் பெயரை மறந்துவிட்டு, பொருளை மட்டும் நாளெல்லாம் புழங்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த முன்வாலும் அந்தப் பின்வாலும் ஒருநாள் மன்னார்க் கடலோரத்தில் நேருக்கு நேர் சந்தித்தன. அந்தச் சந்திப்புக்கு வருமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மதுரைக்கு அருகே மாங்குளத்தில் ஒரு குன்று. அதன் குகைகளில் சமணத் துறவிகள் தங்கியிருந்தார்கள். அங்கே பாறையில் பிராமி எழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று ஐராவதம் மகாதேவன் கணித்த கல்வெட்டுகள் அவை. அவற்றில் 'கொட்டுபித்த பளி' என்ற தொடர் வருகிறது. இன்ன ஆள் செதுக்குவித்த பள்ளி என்று பொருள். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தமிழ் எழுத்துகளிலேயே தகவல் முன்னால் வந்து, பெயர் பின்னால் நிற்கிறது. பேசாலைப் பாரைக்கும் மாங்குளத்துப் பள்ளிக்கும் இடையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. வரிசை மட்டும் அசையவில்லை.

தொல்காப்பியர் இதற்கு இலக்கணம் வகுத்தபோது ஒரு நுட்பமான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 'பிடித்த' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் எத்தனை விதமான பெயர்கள் வரலாம்? அவருடைய கணக்கு ஆறு: நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை. அதை மீன்பிடிக்கு மாற்றிப் பார்க்கலாம். நான் மீன் பிடித்த இடம், நான் பிடித்த மீன், நான் மீன் பிடித்த நாள், நான் மீன் பிடித்த வலை, மீன் பிடித்த ஆள், நான் பிடித்த பிடி. ஆறிலும் 'பிடித்த' என்ற சொல் இம்மியும் மாறவில்லை. ஆங்கிலத்தில் இதே ஆறையும் சொல்ல 'வேர்', 'விச்', 'வென்', 'வித் விச்', 'ஹூ' என்று கொக்கிகளை மாற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும். தமிழில் அந்த வேலையைப் பின்னால் வரும் பெயரும், கேட்பவரின் பொது அறிவும் பகிர்ந்துகொள்கின்றன. வலை என்றால் அது கருவிதான், நாள் என்றால் அது காலம்தான். இதையெல்லாம் யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன?

தொல்காப்பியர் காட்டும் பெயரெச்ச வாய்பாடு இரண்டே: செய்யும், செய்த. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி நன்னூல் எழுதும்போது அது மூன்றாகிவிட்டது. செய்த, செய்கின்ற, செய்யும். நடுவில் ஒரு 'கின்ற' வந்து உட்கார்ந்திருக்கிறது. நிகழ்காலத்துக்கென்று தனி உருவம் தேவைப்பட்ட தமிழ், இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அதை மெல்ல உருவாக்கிக்கொண்டது. இந்தப் புதுவரவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இது ஒரு பெரிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

இதற்கிடையில் வடக்கிலிருந்து இன்னொரு சரக்கு கடல் தாண்டி வந்தது. சமஸ்கிருதத்தில் 'ய' என்ற கொக்கி உண்டு. எவன் வந்தானோ அவன் என்பதுபோல, 'யஹ' என்று தொடங்கி 'ஸஹ' என்று முடிக்கும் இரட்டை வாக்கிய முறை அது. பாலியில் அது 'யோ', 'ஸோ' ஆயிற்று. இந்தியில் இன்றும் 'ஜோ', 'வோ' என்று வாழ்கிறது. சிங்களமும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆகவே சிங்களத்திலும் அந்தக் கொக்கி இருந்தாக வேண்டும் என்று தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 'மம கியவன பொத' என்பார்கள். மம என்றால் நான், கியவன என்றால் வாசிக்கிற, பொத என்றால் புத்தகம். சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை. கடைசியில் அதே 'அ' ஒலிகூட.

மன்னாரிலிருந்து வாய்க்காலைத் தாண்டினால் மாதோட்டம். அனுராதபுரத்துக்கான துறைமுகமாகப் பல நூற்றாண்டு இருந்த ஊர், திருக்கேதீச்சரம் நிற்கும் ஊர். மிளகும் மட்பாண்டமும் கைமாறிய அந்தத் துறையில் சொல்வரிசையும் கைமாறியிருக்குமா என்று கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ஊரைக் கைகாட்டிச் சொல்லிவிட முடியாது. பாலியிலும் பிராகிருதத்திலும் எச்சச்சொல் பெயருக்கு முன்னால் வரும் பழக்கம் ஏற்கனவே இருந்தது. இரண்டு வழி வைத்திருந்த ஒரு மொழி, ஒரே வழி வைத்திருந்த அயல்வீட்டு மொழியோடு ஆயிரக்கணக்கான ஆண்டு பழகியபோது, பொதுவான வழி தடித்துப் பெரிதாயிற்று, மற்றது தேய்ந்தது என்று கொள்வதே நியாயம். ஒல்லாந்தர் காலத்தில் சாவகத் தீவுகளிலிருந்து இங்கே வந்த மலாய்க்காரர்களுக்கும் இதே கதை நடந்தது. மலாயில் பெயருக்குப் பின்னால் 'யாங்' என்ற கொக்கி போட்டு வால் கட்டுவார்கள். இலங்கை மலாயில் வால் முன்னால் போய்விட்டது. இந்தத் தீவுக்கு வாலைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாளாவட்டத்தில் முன்னால் கட்டிக்கொள்கிறார்கள்.

இனி சந்திப்புக்கு வருவோம். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மேற்கே தூத்துக்குடி, புன்னைக்காயல் பக்கம் தொடங்கி எதிர்க்கரையில் மன்னார்வரை முத்துச் சிலாபங்களை நம்பி வாழ்ந்த பரவர்களே அவர் தேடி வந்த மக்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, உரோமன் எழுத்தில் எழுதி, மனப்பாடம் செய்து, வீதி வீதியாக மணியடித்துச் சொல்லிக்கொடுத்தார். பிழை நேராமல் இருக்குமா? 1544இல் தோழர் மன்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று இத்தனை நாள் சொல்லிவிட்டோம், இனி திருத்திச் சொல்லுங்கள் என்று அதில் கேட்டுக்கொள்கிறார். நம்பிக்கைக்கும் ஆசைக்கும் ஒரு கடிதத்தின் தூரம்தான் இருந்திருக்கிறது. அதே 1544இல்தான், அவர் அனுப்பிய குருவிடம் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவர்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை கொன்றது. தோட்டவெளியில் அவர்களுக்கு இன்றும் நினைவிடம் இருக்கிறது.

அந்தச் செபங்களில் முதன்மையானது இயேசு கற்பித்த செபம். அதன் முதல் விளியிலேயே நம் வால் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. தந்தையை அழைத்து, அவர் எங்கே இருப்பவர் என்று சொல்லும் துண்டு. இந்தத் துண்டின் பயணம் வேடிக்கையானது. சிரியாக்கில் தந்தைக்குப் பின்னால் 'த்' என்ற ஒற்றை மெய்யெழுத்துதான் கொக்கி, அதையடுத்து வானம். கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் சவேரியாருக்கு ஆயிரம் ஆண்டு முன்பிருந்தே அப்படித்தான் ஓதிவந்தார்கள். கிரேக்கத்தில் கொக்கிகூட இல்லை. தந்தைக்குப் பின்னால் 'ஹொ' என்ற சுட்டிடைச்சொல்லும் 'வானங்களில்' என்பதும் மட்டும்தான், 'இருக்கிற' என்பதற்கு வினையே கிடையாது. அதை இலத்தீனாக்கியவர்கள் 'குயி' என்ற கொக்கியையும் 'எஸ்' என்ற வினையையும் சேர்த்தார்கள். போர்த்துக்கேயம் அதை அப்படியே 'கெ' ஆக்கியது. மன்னார்க் கரைக்கு வந்திறங்கியது இந்தப் போர்த்துக்கேய வால்தான்.

தமிழுக்குள் வந்ததும் மூன்று காரியம் நடந்தாக வேண்டியிருந்தது. முதலில், கொக்கியைக் கழற்றிக் கடலில் போட வேண்டும். தமிழில் அதற்குப் பொருந்தும் சொல் இல்லை. 'யார்' என்று போட்டால் அது கேள்வியாகிவிடும், தந்தையைப் பார்த்து நீ யார் என்று கேட்டதுபோல. இரண்டாவதாக, வாலைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். வானம் முதலில், தந்தை கடைசியில். மூன்றாவது காரியம் எளிதில் கண்ணில் படாது. இலத்தீனின் 'எஸ்' முன்னிலை வினை, 'நீ இருக்கிறாய்' என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழ்ப் பெயரெச்சத்துக்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை எதுவும் தெரியாது. 'இருக்கிற' என்பது எனக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும், கூடையில் இருக்கிற பாரைக்கும் பொருந்தும். 'நீ' என்ற உறவு வினையிலிருந்து உதிர்ந்து, கடைசியில் வரும் 'ஏ' என்ற விளி உருபில் போய் ஒட்டிக்கொள்கிறது. வானத்தைக் குறிக்கும் சொல் காலத்துக்கும் சபைக்கும் ஏற்ப மாறியிருக்கிறது, தந்தையைக் குறிக்கும் சொல்லும் மாறியிருக்கிறது. இன்று தமிழில் ஓதுகிற எந்தச் சபையிலும் வால் முன்னால்தான். அந்த வாலின் முனையில் நிற்பது 'இருக்கிற'. தொல்காப்பியர் பட்டியலில் இடம்பெறாத அந்த நிகழ்காலப் புதுவரவு, கடவுளின் முகவரியில் போய் உட்கார்ந்துவிட்டது.

இந்த இடமாற்றத்தைக் கண்ணால் பார்க்க விரும்பினால் லிஸ்பனில் 1554இல் அச்சான ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். கார்த்தில்யா என்பார்கள். லிஸ்பனில் வாழ்ந்த மூன்று தமிழர்கள், விசெந்தே த நசரே, ஜோர்ஜ் கர்வாலோ, தோமே த குரூஸ், அதை உருவாக்கினார்கள். பெயர்கள் போர்த்துக்கேயமாக இருக்கின்றன, ஆட்கள் நம் கரையோரத்தவர்கள். தமிழ் உரோமன் எழுத்தில் ஓடுகிறது, கூடவே சொல்லுக்குச் சொல் போர்த்துக்கேயம். இப்படி வரிக்கு வரி ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ் தன் வரிசையில் நடக்கும், போர்த்துக்கேயச் சொற்கள் அதன் காலடியைப் பார்த்துக்கொண்டே தொடர வேண்டியிருக்கும். லிஸ்பன்வாசி ஒருவர் அந்த வரியை மட்டும் வாசித்தால், தன் மொழியில் எல்லாச் சொல்லும் இருந்தும் வாக்கியம் குடைசாய்ந்து கிடப்பதைக் கண்டிருப்பார்.

ஆனால் ஒட்டிப் பார்ப்பது வேறு, விதி கண்டுபிடிப்பது வேறு. அதைச் செய்ய வந்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், நம்மவர் வாயில் அன்றிக் அடிகளார். 1520இல் போர்த்துக்கலில் பிறந்து, 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மொழிபெயர்ப்பாளர்களை நம்பிக் காலம் தள்ள அவருக்கு விருப்பமில்லை. சில மாதங்களிலேயே தானாகப் பேசத் தொடங்கிவிட்டார். இரண்டே ஆண்டில் தமிழுக்கு ஓர் இலக்கணக் கையெழுத்துப்படியும் வைத்திருந்தார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அது. அன்றைய வழக்கப்படி இலத்தீன் இலக்கணத்தின் அச்சில் தமிழை வார்க்கும் முயற்சி. அதன் கையெழுத்துப்படி லிஸ்பனில் இருக்கிறது. ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் சேர்ந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்த பதிப்பு 2013இல் வெளியானது.

இலத்தீன் அச்சில் 'குயி'க்கென்று ஓர் அறை உண்டு. தமிழிலிருந்து எடுத்து அந்த அறையில் வைக்க ஒரு சொல்லும் கிடையாது. இந்த அறையை என்ன செய்வது என்பது அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு இங்கே வந்த எல்லாப் பாதிரிமார்களையும் படுத்திய கேள்வி.

1560இல் போர்த்துக்கேயத் துணையரசர் கொன்ஸ்தாந்தீனோ த பிரகன்சா யாழ்ப்பாணத்தின்மேல் படையெடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார். புன்னைக்காயலிலிருந்து பரவக் குடும்பங்களை இங்கே குடியேற்றினார்கள். அடிகளாரும் அவர்களோடு மன்னாருக்கு வந்து சில காலம் தங்கினார். பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழையும்போது தெரியும் அந்தக் கோட்டைச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பீரங்கி நினைவுக்கு வருவதில்லை. 'வந்த ஆள்', 'வந்த வள்ளம்', 'வந்த நாள்' என்று மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு, மூன்றிலும் 'வந்த' ஒன்றுதானே, எங்கே போயிற்று அந்த 'கெ' என்று ஒரு மனிதர் தலையைச் சொறிந்திருப்பார் என்றுதான் தோன்றும். 1578இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புத்தகம் அதுதான்.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கோட்டைக்கு ஆள் மாறியது, செபத்துக்கும் ஆள் மாறியது. யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பிலிப்பு பால்தேயுஸ் நாடு திரும்பி 1672இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார். மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றிய வருணனை. அதில் தமிழ் எழுத்துகளையும் இலக்கணக் குறிப்பையும் அந்தச் செபத்தையும் சேர்த்திருந்தார். அங்கேதான் நகலெடுப்பவர்கள் காத்திருந்தார்கள்.

ஐரோப்பாவில் அப்போது ஒரு விநோதச் சேகரிப்பு நடந்துகொண்டிருந்தது. உலக மொழிகளையெல்லாம் ஒப்பிட வேண்டும், ஆனால் ஒரே பொருளுடைய வாசகம் எல்லா மொழியிலும் எங்கே கிடைக்கும்? பாதிரிமார்கள் போன இடமெல்லாம் முதலில் மொழிபெயர்த்தது இந்தச் செபத்தைத்தான். ஆகவே இதையே மாதிரித் துணியாக எடுத்துக்கொண்டார்கள். 1555இல் கெஸ்னர் 22 மொழிகளில் தொடங்கினார். 1715இல் சேம்பர்லைன் பெரிய தொகுதி போட்டார். 1787இல் எர்வாஸ் 300க்கும் மேற்பட்ட மொழிகளைச் சேர்த்துவிட்டார். ஒருவர் தொகுதியிலிருந்து மற்றவர் எடுத்து, அச்சுக்கோப்பவருக்குப் புரியாத எழுத்துகளில் பிழைக்குமேல் பிழை சேர்ந்து போயிற்று. இத்தனை பிழைக்கு நடுவிலும் ஒன்று தப்பியது. எழுத்து சிதைந்தாலும் வரிசை சிதையவில்லை. தந்தை முதலில் வரும் மொழிகள் ஒரு பக்கம், வானம் முதலில் வரும் மொழிகள் மறுபக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய எல்லாச் சான்றும் அந்தப் பக்கங்களில் கிடந்தது. சேகரித்தவர்கள் சொற்களின் ஒற்றுமையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வரிசையை யாரும் எண்ணவில்லை.

வெற்று அறைக்கு வருவோம். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது, இந்த மொழிகளுக்கு இணைப்புப் பெயர்ச்சொல்லே இல்லை, அந்த வேலையை எச்சம் செய்கிறது என்று விளக்கினார். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கிய பெயர் 'ரிலேட்டிவ் பார்ட்டிசிபிள்'. கொஞ்சம் குறும்பான பெயர்தான். இல்லாத கொக்கியின் பெயரை இருக்கிற வாலுக்கு வைத்துவிட்டார்கள். தமிழ்ப் பெயர் வேறு பக்கமிருந்து பார்க்கிறது. எச்சம் என்றால் மிச்சம். முடியாமல் நிற்கும் வினை, முடிவதற்கு ஒரு பெயரை வேண்டி நிற்கிறது. ஐரோப்பியர் பெயரில் நின்றுகொண்டு வாலைத் தேடினார்கள், நம் இலக்கணக்காரர்கள் வாலில் நின்றுகொண்டு பெயரைத் தேடினார்கள்.

கொக்கி இல்லாததால் தமிழ் எதையாவது சொல்ல முடியாமல் திண்டாடுகிறதா? பெரும்பாலும் இல்லை. 'மகன் கடலுக்குப் போன தாய்' என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு 'ஹூஸ்' என்று தனிக் கொக்கி வேண்டும். நாம் யாருடைய மகன் என்று சொல்லவேயில்லை, ஆனாலும் ஒருவருக்கும் சந்தேகம் வராது. அந்த 'உடைய'வைக் கேட்பவரே போட்டுக்கொள்கிறார். ஆனால் எல்லை உண்டு. 'நான் வந்த வள்ளம்' என்றால் வள்ளத்தில் வந்தேன். 'நான் வந்த ஊர்' என்றால் ஊருக்கு வந்தேன். ஊரிலிருந்து வந்தேன் என்று அதே தொடரால் சொல்ல முடியாது. வினையை மாற்றி 'நான் புறப்பட்ட ஊர்' என்று தப்பிக்க வேண்டும். இதைவிடக் கடினமான இடம் ஒப்பீடு. ஓர் ஆள் நிற்கிறார், அவரைவிட நான் உயரம். அந்த ஆளைச் சுட்ட 'நான் உயரமான ஆள்' என்று சொல்லிப் பாருங்கள், பொருள் வேறெங்கோ போய்விடும். அப்போது நாம் வடக்கத்திய இரட்டை முறையின் தமிழ் உறவை வெளியே எடுக்கிறோம்: 'யாரைவிட நான் உயரமோ அந்த ஆள்'. இந்த 'யார்–ஓ–அந்த' முறை நமக்கே சொந்தமா, சமஸ்கிருதத் தொடர்பில் வளர்ந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எதுவாயினும், பேச்சில் அது ஒரு மேலதிகக் கருவி. பாரை வாங்கும்போது யாரும் அதை வெளியே எடுப்பதில்லை.

1977இல் எட்வர்ட் கீனனும் பெர்னார்ட் கொம்ரியும் பல மொழிகளை ஒப்பிட்டு, இந்த எல்லைகள் தாறுமாறாக விழுவதில்லை என்று காட்டினார்கள். செய்பவரை எல்லா மொழியும் எளிதாகக் கையாளும், அடுத்தது செய்யப்பட்ட பொருள், அப்படியே இறங்கிக்கொண்டே போனால் உடைமை, கடைசிப் படியில் ஒப்பீடு. நம் 'உயரமான ஆள்' இடறி விழுந்தது சரியாக அந்தக் கடைசிப் படியில்தான்.

வரிசையை எண்ணும் வேலை அதற்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. 1963இல் ஜோசப் கிரீன்பர்க் 30 மொழிகளை எடுத்துக்கொண்டார். நம் குடும்பத்துக்குப் பிரதிநிதி கன்னடம். வால் முன்னால் வரும் மொழி என்றால் அதில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும், அல்லது பெயரடை பெயருக்கு முன்னால் வரும், அல்லது இரண்டும் இருக்கும் என்று அவர் ஒரு பொதுவிதி சொன்னார். 'வானத்தில்' என்பதில் 'இல்' பின்னால் வருவதும், 'நல்ல மீன்' என்பதில் 'நல்ல' முன்னால் வருவதும் நம் வாலோடு சேர்ந்த ஒரே குடித்தனம். பிறகு மாத்யூ டிரையர் வலையை அகல வீசி 824 மொழிகளை எண்ணினார். பின்வால் மொழிகள் 579. முன்வால் மொழிகள் 141. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, தென்கிழக்காசியா எல்லாம் பெரும்பாலும் பின்வால். நம்மோடு நிற்பவர்கள் துருக்கியர், யப்பானியர், கொரியர் முதலானோர். சீனம் ஒரு தனி விநோதம். வினையைச் செயப்படுபொருளுக்கு முன்னால் வைக்கும் மொழிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் வால் பின்னால்தான் வரும், சீனமோ வினையை முன்னால் வைத்துக்கொண்டே வாலையும் முன்னால் வைக்கிறது.

சிறுபான்மை என்பதால் நமக்கு மட்டும் சிக்கல் அதிகம் என்று எண்ண வேண்டாம். ஒரு சோதனை. 'சிலாவத்துறையில் முத்துக் குளித்த சம்மாட்டியின் மகன்'. முத்துக் குளித்தவர் யார், சம்மாட்டியா, மகனா? இரண்டும் சரி. வாலுக்கு அருகில் நிற்பது சம்மாட்டி, தூரத்தில் நிற்பது மகன், வால் இருவரில் யாரையும் பிடிக்கலாம். இதையே ஆங்கிலத்தில் சொன்னால் மகன் முதலில், சம்மாட்டி பிறகு, கடைசியில் வால் வரும். அங்கேயும் அதே சந்தேகம், கண்ணாடியில் பார்த்ததுபோல. தமிழில் தீர்வு எளிது: 'சம்மாட்டியின், முத்துக் குளித்த மகன்' என்று வாலை நகர்த்தினால் போதும். காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் வழக்கு மன்றத்தில் அதுதான் காப்பாற்றும்.

இன்னொரு சந்தேகத்துக்குத் தமிழில் இவ்வளவு எளிய மருந்து இல்லை. 'கடலுக்குப் போன மீனவர்கள் திரும்பவில்லை'. எல்லா மீனவர்களும் போனார்களா, சிலர் மட்டுமா? ஆங்கிலம் ஒரு காற்புள்ளியால் இதைப் பிரித்துவிடும். நம் முன்வாலில் காற்புள்ளி போட இடமே இல்லை. யோசித்தால், அந்தச் செபத்திலும் இந்த முடிச்சு இருக்கிறது. இலத்தீன் வால் தந்தையைப் பற்றி மேலதிகமாக ஒன்று சொல்கிறது, அவ்வளவுதான். தமிழில் கேட்கும் குழந்தைக்கு, வீட்டில் இருக்கிற அப்பா வேறு, வானத்தில் இருக்கிற அப்பா வேறு என்று பிரித்துக் காட்டுவதுபோலவும் கேட்கும். மறைக்கல்வி ஆசிரியர்கள் இதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த இரண்டாவது பொருளும் அவர்களுக்கு ஒத்துவந்திருக்கும்.

வால் நீண்டுபோனால்தான் உண்மையான தொல்லை. செய்தித்தாளைப் பிரித்தால் 'எல்லை தாண்டி வந்து மீன்பிடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கடற்படையினரால் நேற்று முன்தினம் இரவு கைதுசெய்யப்பட்டுத் தலைமன்னாருக்குக் கொண்டுவரப்பட்ட' என்று ஓடும். இன்னும் பெயர் வரவில்லை. முத்துக் குளிப்பவர் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஒரு நிமிடம்போல மூச்சடக்கிக் கிடப்பதுபோல நாமும் கிடக்கிறோம். மேலே வந்ததும் 'மீனவர்கள்' என்ற சொல் கையில் கிடைக்கிறது. நல்ல பத்திரிகைக்காரர் இந்த வாலை இரண்டாக நறுக்குவார்: மீனவர்கள் கைதானார்கள், அவர்கள்மேல் குற்றச்சாட்டு இன்னது. பேசாலைக்காரருக்கு இந்தப் புத்தி சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வாலில் மூன்று சொல்லுக்கு மேல் இருக்காது.

வாலை நீட்டுவதுபோலச் சுருக்கவும் தமிழுக்குத் தெரியும். 'அ'வையும் காலத்தையும் வெட்டி எறிந்துவிட்டு வேரை மட்டும் பெயரோடு ஒட்டினால் வினைத்தொகை. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் மூன்றும் சேர்ந்து ஊறுகாய். அங்கே ஊறுவது காய்தான். குடிநீரில் நீர் குடிப்பதில்லை, நாம் குடிக்கிறோம். யார் செய்கிறார், எதைச் செய்கிறார் என்பதெல்லாம் மறைந்துபோய், வெறும் வேர் மட்டும் நிற்கிறது. இந்த வகையில் மன்னார் மாவட்டத்தில் கடந்த தலைமுறை முழுக்கப் புழங்கிய ஒரு சொல் உண்டு. போருக்குப் பின் ஊர் திரும்பியவர்கள் வயலோரத்தில் சிவப்புப் பலகையில், மண்டையோட்டுப் படத்தின் அருகில், மும்மொழியில் அதை வாசித்தார்கள்: மிதிவெடி. மிதித்த வெடியா, மிதிக்கிற வெடியா, மிதிக்கும் வெடியா என்று பலகை சொல்லவில்லை. யார் மிதிப்பார் என்றும் சொல்லவில்லை.